தொப்பூர் இறக்கமும் இரண்டு பொத்தான்களும்

எனக்கு ஓசூரில் வேலை. சொந்த ஊர் வத்தலக்குண்டுக்குப் பக்கம். அம்மா அங்கே தனியாக இருப்பதால் மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் என்று திண்டுக்கல் வரை ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை 44. அதன்பின் செம்பட்டி வழியாக இருவழிச் சாலை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆட்டோமேட்டிக் காரில்தான் இந்தப் பயணமெல்லாம். அதன் ஸ்டியரிங்கில் இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று க்ரூஸ் கன்ட்ரோல், மற்றொன்று ஸ்பீடு லிமிட்டர். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டுக்கும் ஒரே விசைதான். வண்டியை ஒப்படைத்தவர், "இரண்டும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அந்த ஒரு வரியை நம்பி முதல் மூன்று பயணங்களை ஓட்டினேன். நான்காவது பயணத்தில் தொப்பூரில் அது போதாது என்று தெரிந்தது.

தருமபுரியைத் தாண்டியதும் க்ரூஸை 90-இல் வைத்திருந்தேன். காலை ஏழரை மணி, நல்ல வெளிச்சம், சாலையில் கூட்டமில்லை. பெடலை அழுத்த வேண்டிய தேவை இல்லாததால் வலது காலை மடக்கி இருக்கைக்கு அருகே இழுத்து வைத்திருந்தேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். ஆனால் நான்குவழிச் சாலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இறக்கம் கண்ணில் படுவதில்லை. மலைப்பாதை என்றால் கொண்டை ஊசி வளைவு இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. இங்கே அகலமான சாலை நீளமாகச் சரிந்துகொண்டே போகிறது. பக்கத்தில் இருந்த மனைவி, "வண்டி கொஞ்சம் வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறதே?" என்றாள். திரையின் மூலையில் நான் வைத்த 90 அப்படியே இருந்தது. பெரிய எண் 106 காட்டியது.

முன்னால் இடது தடத்தில் ஒரு லாரி, நான்கு விளக்குகளும் மின்ன, நடை வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை முந்துவதற்காக இன்னொரு லாரி வலது தடத்துக்கு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து என் பக்கத்துச் சாலையை முழுதாக அடைத்திருந்தன. 106 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 29 மீட்டர். மடக்கியிருந்த கால் பிரேக்கைத் தேடிச் சேர்வதற்கு அரை நொடி ஆகியிருந்தால்கூட, கார் 15 மீட்டர் பிரேக்கே பிடிக்காமல் ஓடியிருக்கும். அன்று இடைவெளி இருந்ததால் தப்பித்தோம். லாரியின் பின்பலகைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கார் நீளம் மிச்சம் இருந்தது.

ஏன் வேகம் கூடியது? சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலின் கையில் இருப்பது என்ஜின் மட்டும்தான். நீங்கள் வைத்த வேகத்துக்குக் கீழே போனால் எரிபொருளைக் கூட்டும், மேலே போனால் குறைக்கும். முழுதாகக் குறைத்த பிறகும் சரிவு வண்டியை இழுத்துக்கொண்டு போனால், அதற்கு மேல் செய்ய அதனிடம் ஒன்றும் இல்லை. என் வண்டியில் அது பிரேக்கைத் தொடுவதே இல்லை. சில வண்டிகள் தாமாகவே கியரைக் குறைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்கிறது. என் வண்டி ஆறாவது கியரிலேயே இறங்கியது. ஆறாவது கியரில் என்ஜினின் பிடிப்பு மிகக் குறைவு. முன்னால் போகும் வண்டியை ரேடார் வைத்துப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் க்ரூஸ் வேறு வகை. நான் பேசுவது அது இல்லாத, எளிய வகையைப் பற்றி.

கணவாய் இறங்கியதும் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அங்கே நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். ஐம்பது வயதிருக்கும். "தம்பி, எந்த கியரில் இந்த மேட்டை ஏறுவீர்களோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். இரட்டைப் பாலத்துக்கிட்டே நடந்த விபத்தெல்லாம் பிரேக்கை மட்டும் நம்பி வந்த வண்டிகள்தான்" என்றார். விபத்துகளுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன விதி காருக்கும் அப்படியே பொருந்துகிறது. இப்போது இறக்கம் தொடங்கும் முன்பே க்ரூஸை அணைத்துவிட்டு, கியரை மேனுவலுக்கு மாற்றி, நான்கிலோ மூன்றிலோ வைத்து இறங்குகிறேன். என்ஜின் சத்தம் கூடும். அந்தச் சத்தம்தான் வேகத்தைப் பிடித்துவைத்திருக்கிறது.

அன்று இரவு அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வண்டியின் கையேட்டை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். இரண்டு பொத்தான்களுக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் புரிந்தது.

க்ரூஸுக்கு நீங்கள் ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த வேகத்தில் ஓட்டும் பொறுப்பை அது எடுத்துக்கொள்கிறது. கால் தேவையில்லை. பிரேக்கைத் தொட்டால் விலகிவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் கூடும், காலை எடுத்ததும் பழைய எண்ணுக்குத் திரும்பும். லிமிட்டரில் ஓட்டுவது நீங்களேதான். கால் ஆக்சிலரேட்டரில் இருக்க வேண்டும், எடுத்தால் வண்டி மெதுவாகும். நீங்கள் வைத்த எண்ணை எட்டும்வரை வண்டி வழக்கம்போல நடந்துகொள்ளும். எட்டியபின், தரைவரை அழுத்தி மிதித்தாலன்றி, மேலே போகாது. பிரேக் போட்டாலும் அது விலகுவதில்லை. மறுபடி வேகமெடுக்கும்போது அதே எண்ணில் வந்து நிற்கும். க்ரூஸ் வண்டியை அந்த வேகத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. லிமிட்டர் கூரை போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எதிரே ஒன்றும் இல்லாதபோது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். யாரோ குறுக்கே வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். லிமிட்டரில் நான் பயந்து காலைத் தூக்கிய கணமே வண்டி மெதுவாகத் தொடங்குகிறது. க்ரூஸில் நான் பிரேக்கைத் தொடும் கணம் வரை அது தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இறக்கத்தில் லிமிட்டரும் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் என்ஜினைத்தான் அடக்குகிறது. சரிவில் வேகம் எண்ணைத் தாண்டினால் என் வண்டியில் எண் மின்னி ஒலி எழும்பும், அவ்வளவுதான். ஆனால் கால் பெடலில் இருப்பதால், வண்டி தானாக ஓடுவது பாதத்துக்கே தெரிந்துவிடுகிறது.

வாடகைக் கார் ஓட்டும் என் உறவினர் ஒருவர், "இது என் வண்டியிலும் இருக்கிறதே, 80-க்கு மேல் போகவே போகாது" என்றார். அவர் சொல்வது வணிக வாகனங்களுக்குச் சட்டப்படி பொருத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அந்த எண்ணை ஓட்டுநர் மாற்ற முடியாது. அதேபோல் 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்கும் எச்சரிக்கை வெறும் ஒலிதான், வேகத்தைத் தடுக்காது. நான் சொல்லும் லிமிட்டர் ஓட்டுநரே எண்ணை வைத்து, ஓட்டுநரே மீறவும் கூடியது.

அந்த மீறும் வழியைத் தெரிந்துகொள்ளாமல் லிமிட்டரைப் பயன்படுத்தக் கூடாது. இதைச் செம்பட்டிக்கு அப்பால் கற்றுக்கொண்டேன்.

செம்பட்டி ஊருக்குள் வேகம் கூடாமல் இருக்க லிமிட்டரை 70-இல் வைத்திருந்தேன். ஊர் முடிந்ததும் அணைக்க மறந்துவிட்டேன். முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி 60-இல் போய்க்கொண்டிருந்தது. எதிரே சாலை வெறுமையாகத் தெரிந்ததும் வலப்பக்கம் ஒதுங்கி மிதித்தேன். லாரியின் பின்சக்கரத்துக்கு இணையாக வந்தபோது வண்டி அப்படியே நின்றதுபோல் இருந்தது. மிதிக்கிறேன், முன்னேறவில்லை. எதிரே ஒரு பேருந்து திருப்பத்திலிருந்து வெளியே வந்தது. காரணம் புரியாவிட்டாலும் கை கால் சரியானதைச் செய்தன. பிரேக் போட்டு லாரியின் பின்னால் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த முந்துதலைப் பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து நான் லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி 60, நான் 70. வேறுபாடு 10 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு மூன்று மீட்டருக்கும் குறைவு. 14 நொடிக்கு மேல் எதிர்த்தடத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் ஏறத்தாழ 280 மீட்டர் போயிருப்பேன், எதிரே 70-இல் வரும் பேருந்தும் அதே அளவு வந்திருக்கும். அரைக் கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாக இருந்தால்தான் அது சாத்தியம். நான் 90-இல் போயிருந்தால் ஐந்து நொடியில் முடிந்திருக்கும். எல்லாம் சேர்த்து 220 மீட்டர் போதும். வேக வரம்பு எல்லா இடத்திலும் பாதுகாப்புதான் என்ற என் எண்ணத்தை அந்த இரண்டு எண்களும் மாற்றிவிட்டன. எதிர்த்தடத்தில் ஏறி முந்த வேண்டிய இருவழிச் சாலையில், ஊருக்கு வெளியே லிமிட்டரை அணைத்துவிடுவேன். அணைப்பதற்கு ஏற்ற இடம் ஊர் முடியும் பலகை.

மீறுவது எப்படி? ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்க வேண்டும். கடைசியில் கால் ஒரு தடையை உணரும். அதையும் தாண்டி அழுத்தினால் லிமிட்டர் விட்டுக்கொடுக்கும். என் வண்டியில் திரையில் எண் மின்னத் தொடங்கும். வேகம் மறுபடி அந்த எண்ணுக்குக் கீழே வந்ததும் லிமிட்டர் தன் வேலையைத் தொடரும். அன்று நான் பாதியளவே மிதித்திருந்தேன். பதற்றத்தில் அந்தக் கடைசி அழுத்தம் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத ஒரு பிரிவுச் சாலையில் லிமிட்டரை 40-இல் வைத்து ஐந்தாறு முறை இதைச் செய்து பார்த்தேன். மனைவியையும் செய்யச் சொன்னேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும். படித்தால் தெரியாது.

க்ரூஸில் இதற்கு இணையான ஆபத்து RES என்ற பொத்தான். பழைய வேகத்துக்குத் திரும்பு என்பது அதன் பொருள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிக்கு முன் 95-இல் வைத்திருந்தேன். சாவடிக்காகப் பிரேக் போட்டதும் க்ரூஸ் விலகியது, ஆனால் 95 நினைவில் இருந்தது. சாவடி தாண்டி வேகமெடுத்து 40 வந்ததும் RES அழுத்தினேன். வண்டி ஒரு கியர் குறைத்து உறுமிக்கொண்டு பாய்ந்தது. 40-க்கும் 95-க்கும் இடையில் எவ்வளவு பெரிய தூரம் இருக்கிறது என்பது வண்டிக்குத் தெரியாது. சாவடியிலிருந்து வெளிவரும் பத்துத் தடங்கள் குறுகும் இடத்தில் பேருந்தும் லாரியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. ஓரமாக எதிர்த்திசையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதன்பிறகு நான் RES-ஐச் சாவடிக்கு அப்பால் அழுத்துவதே இல்லை. காலால் வேகமெடுத்து, நான் விரும்பும் வேகத்தை எட்டிய பிறகு SET அழுத்திப் புதிதாக வைக்கிறேன். அப்போது வண்டி பாய்வதில்லை; ஏற்கெனவே இருக்கும் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆக, ஓசூரிலிருந்து திண்டுக்கல் வரை நான் இப்போது எங்கே எதைப் போடுகிறேன்? பெரும்பகுதி லிமிட்டர்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் புறவழிச்சாலை, நாமக்கல் என்று ஊர்களை ஒட்டிய இடங்களில் இடையில் ஒரு திறப்பு, அதில் திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி, சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு நிமிடமும் காலைத் தூக்க வேண்டியிருக்கிறது. அங்கே க்ரூஸ் போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை விலக்கி மறுபடி வைத்துக்கொண்டிருப்பேன். அந்த எரிச்சலில் பிரேக் போடத் தயங்கும் மனநிலை வருகிறது. "இந்த ஒருவர் கடந்துவிடுவார், வேகத்தைக் கெடுக்க வேண்டாம்" என்று நான் நினைத்ததை நானே பிடித்திருக்கிறேன். லிமிட்டரில் அந்தக் கெடுதல் இல்லை. காலைத் தூக்கி மறுபடி மிதிப்பதில் எதையும் இழப்பதில்லை. எண்ணைப் பலகையில் உள்ள வேகத்துக்கு வைத்துவிட்டால், அடிக்கடி குனிந்து வேகமானியைப் பார்க்க வேண்டியதும் இல்லை. கண் சாலையிலேயே இருக்கிறது.

க்ரூஸுக்கென்று நான் ஒதுக்கியிருப்பது கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட அரவக்குறிச்சிப் பகுதிதான். முருங்கைத் தோட்டங்களும் வறண்ட நிலமும். சாலை நேராக, ஏறத்தாழ மட்டமாகப் போகிறது. பகலில், சாலை காய்ந்திருக்கும்போது, முன்னால் அரைக் கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிந்தால் போடுவேன். அங்கே அதன் பயன் உண்மையானது. 250 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கணுக்காலில் வரும் வலி குறைகிறது. களைத்த கால் தன்னையறியாமல் அழுத்திக்கொண்டே போய் 90 என்று நினைத்த வேகம் 105 ஆகும் சிக்கலும் இல்லை. ஆனால் வலது குதிகாலைப் பிரேக் பெடலுக்கு நேர் கீழே தரையில் வைத்துக்கொள்கிறேன், காலை மடக்குவதில்லை. ஆட்டு மந்தை தூரத்தில் தெரிந்தால் CANCEL அழுத்திவிட்டுக் காலைப் பிரேக்கின் மேல் கொண்டுபோய்விடுகிறேன். மந்தை சாலையில் ஏறுமா என்று காத்திருந்து பார்ப்பதில்லை.

இதே நீளத்தில்தான் க்ரூஸின் இன்னொரு கெடுதலையும் கண்டேன். ஒருமுறை கரூரில் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். வெயில், குளிர்ந்த காற்று, காலுக்கு வேலை இல்லை. அரவக்குறிச்சிப் பிரிவு எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. தூங்கவில்லை, கண் திறந்தே இருந்தது, ஆனால் அந்தச் சில கிலோமீட்டர்கள் நினைவில் இல்லை. பக்கத்தில் வண்டியை நிறுத்தி முகம் கழுவினேன். சாப்பிட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்துக்கும், இருட்டிய பிறகும் இப்போது க்ரூஸைத் தொடுவதில்லை. பெடலில் இருக்கும் கால் கொஞ்சமாவது விழிப்பைத் தருகிறது. நல்ல நேரத்தில்கூட அரை மணிக்கு ஒருமுறை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் காலால் ஓட்டுகிறேன்.

மழைக்கு ஒரே விதிதான்: க்ரூஸ் கூடாது. ஒரு ஐப்பசி மாதம் நாமக்கல்லுக்கு முன் சாலையோரம் தண்ணீர் தேங்கியிருந்தது. தேங்கிய நீரில் சக்கரம் இறங்கும்போது நீர் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். காலால் ஓட்டுபவர் தன்னியல்பாகக் காலைத் தளர்த்துவார். க்ரூஸ் வேகம் குறைந்ததை மட்டும் கவனித்து, ஈடுகட்ட என்ஜினை இன்னும் முடுக்கும். டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் இடத்தில் கூடுதல் முடுக்கம் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் பதறிப் பிரேக்கை அழுத்தி க்ரூஸை விலக்குவதும் சரியல்ல. பிடிப்பே இல்லாத சக்கரத்தைப் பிரேக் பூட்டப் பார்க்கும். எனவே மழைக்கான இருட்டு முன்னால் தெரியும்போதே CANCEL. பிறகு லிமிட்டரை 60-இல் வைக்கிறேன். கால் பெடலில் இருப்பதால் நீரின் இழுப்பு எனக்கு நேரடியாகத் தெரிகிறது.

சென்ற மாதம் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். தருமபுரி தாண்டியதும் நான் சொல்லாமலே அவள் பொத்தானை அழுத்தி அணைத்தாள். கியரை மேனுவலுக்கு மாற்றி நான்குக்குக் கொண்டுவந்தாள். என்ஜின் உரக்கச் சத்தமிட்டது. வேகமானி 60-இல் நின்றது. முன்னால் அதே மாதிரி இரண்டு லாரிகள் இரண்டு தடங்களையும் அடைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் நூறு மீட்டர் விட்டு, மூன்றாவது கியருக்கு மாறி, பாலம் முடியும்வரை அப்படியே போனோம்.